“Please wait...” என்று நாற்பது நிமிடம்: உலாவியில் திறக்க மறுக்கும் பிடிஎஃப் படிவம்

கடைக்காரன்_தலவாக்கலை
11 ஜூன் 2024, இரவு 9.50

ஒரு வெளிநாட்டுக் குடிவரவு அலுவலகத்தின் மாணவர் விசா விண்ணப்பம். இணையத்தளத்தில் உள்ள இணைப்பை அழுத்தினால் குரோமில் புதிதாக ஒரு பக்கம் திறக்கிறது. வெள்ளைத் தாள், உச்சியில் Please wait... என்று ஒரு வரி, அதற்குக் கீழே பொடி எழுத்தில் சில வரிகள். அவ்வளவுதான். படிவம் வரவில்லை.

காத்திருக்கச் சொன்னதால் காத்திருந்தேன். வெளியே நல்ல மழை, சிக்னல் இரண்டு கோடுகளுக்கு இறங்கியிருந்தது. மழைதான் காரணம் என்று முடிவுகட்டி, படிவத்துக்காக வந்திருந்த அம்மாவுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். நாற்பது நிமிடம் போனது. அவர் தோட்டத்தில் அன்றைய பேரை, அதாவது அந்த நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்தவர். மகன் கொழும்பில் இருக்கிறான். ஊரிலிருந்து எடுக்க வேண்டிய கடிதங்களும் படிவமும் அம்மாவின் பொறுப்பு. “தம்பி, இன்னும் வரவில்லையா?” என்று மூன்று முறை கேட்டுவிட்டார்.

கடைசியில், அச்சடித்தாலாவது வருமா என்று பொத்தானை அழுத்தினேன். வந்தது. அழகான ஏ4 தாளில் Please wait... என்று வந்தது. சந்தேகம் தீராமல் இன்னொன்றும் அடித்தேன். அதிலும் அதேதான்.

டேட்டா பிரச்சினையா, கணினிப் பிரச்சினையா? விண்டோஸ் 10, குரோம் புதியதுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்குருவி
11 ஜூன் 2024, இரவு 10.20

உலாவியின் பழைய நினைவகத்தை அழித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறக்க வேண்டும். 2012இல் நான் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தபோது இதே மாதிரிப் படிவங்களைத் தினமும் எக்ஸ்புளோரரில்தான் நிரப்பினோம். ஒரு நாளும் காத்திருக்கச் சொன்னதில்லை. இது முழுக்க முழுக்க உலாவிச் சிக்கல்.

நோர்வூட்_அக்கா
11 ஜூன் 2024, இரவு 10.41

எனக்கும் இதே தொல்லை. வங்கிக் கணக்கு அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்று காலையிலிருந்து சுற்றுகிறது. தீர்வு கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள் தம்பி.

கடைக்காரன்_தலவாக்கலை
12 ஜூன் 2024, காலை 8.15

மழைக்குருவி அண்ணன் சொன்னபடி நினைவகத்தை அழித்தேன். எல்லாக் கடவுச்சொல்லும் மறுபடி கேட்கிறது, படிவம் மட்டும் அசையவில்லை. எக்ஸ்புளோரரைத் தேடினால் எட்ஜ் திறக்கிறது. எட்ஜிலும் அதே வெள்ளைத் தாள்.

ஒன்றை மட்டும் சொந்த மூளையால் செய்தேன். அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதே இணைய இணைப்பைக் கழற்றினேன். அது கவலையே படவில்லை. அப்படியே Please wait... என்று நிற்கிறது. அப்படியானால் எதற்காகக் காத்திருக்கச் சொல்கிறது?

ஆய்வுகூடம்_பதுளை
12 ஜூன் 2024, மாலை 4.30

நீங்கள் இணைப்பைக் கழற்றிப் பார்த்ததிலேயே பாதி விடை இருக்கிறது. அந்தப் பக்கம் எதற்காகவும் காத்திருக்கவில்லை. Please wait என்பது உலாவி உங்களிடம் சொல்லும் செய்தி இல்லை. அந்தக் கோப்பின் முதல் பக்கமே அதுதான். யாரோ தட்டச்சு செய்து உள்ளே வைத்த ஒரு தாள். அதனால்தான் அச்சில் அவ்வளவு துல்லியமாக வந்தது.

சாதாரண பிடிஎஃப் கோப்பில் பக்கம் வரைந்து முடிக்கப்பட்டிருக்கும். உலாவி அதைக் காட்டினால் போதும். உங்கள் படிவம் வேறு சாதி. உண்மையான படிவம் அதே கோப்புக்குள் எக்ஸ்எம்எல் வடிவில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கட்டம் எங்கே வரும், எந்தப் பதிலுக்கு எந்தக் கேள்வி விரியும் என்பதெல்லாம் குறிப்புகளாக இருக்கின்றன. அந்தக் குறிப்புகளைப் படித்துப் படிவத்தை அந்த இடத்திலேயே கட்டி எழுப்பத் தெரிந்த மென்பொருள் வேண்டும். தெரிந்த மென்பொருள் கட்டி முடித்ததும் அந்த Please wait தாளைத் தூக்கி எறிந்துவிடும். தெரியாதது, கண்ணுக்குத் தெரியும் ஒரே தாளை அப்பாவியாகக் காட்டும். இந்த வகைக்கு XFA என்று பெயர். அடோபி ரீடரின் கணினிப் பதிப்புக்கு இது தெரியும். குரோமுக்கும் எட்ஜுக்கும் பொதுவாகத் தெரியாது.

மழைக்குருவி சொன்னதில் ஒரு பாதி சரி. எக்ஸ்புளோரரில் திறந்தது உண்மைதான். ஆனால் திறந்தது எக்ஸ்புளோரர் இல்லை. அதற்குள் செருகியிருந்த அடோபியின் செருகுநிரல். உலாவியின் சன்னலுக்குள் ரீடரே உட்கார்ந்து வேலை பார்த்தது. அந்தப் பழைய வகைச் செருகுநிரல்களை குரோம் 2015இல் நிறுத்தியது, ஃபயர்பாக்ஸ் 2017இல் நிறுத்தியது. பிறகு உலாவிகள் எல்லாம் தங்கள் சொந்தப் பார்வையாளரை வைத்துக்கொண்டன. படிவங்கள் மாறவில்லை, பார்ப்பவர் மாறிவிட்டார்.

நோர்வூட் அக்கா, உங்களுடையது வேறு நோய். வட்டம் சுற்றுவது என்றால் கோப்பு இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். இவருக்குக் கோப்பு முழுதாக வந்துவிட்டது.

மழைக்குருவி
12 ஜூன் 2024, மாலை 5.05

பாதி சரி என்றாலும் சரிதானே. தோட்டத்தில் அரைப்பேர் போடுவதில்லையா, அதுபோல எனக்கும் அரைப்பேர் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்காரன்_தலவாக்கலை
12 ஜூன் 2024, இரவு 8.00

சேர், நன்றி. இப்போதுதான் அந்தப் பொடி எழுத்தை முதல் தடவையாகப் படித்தேன். நேற்று நாற்பது நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தும் படிக்கவில்லை. இப்படி எழுதியிருக்கிறது:

```
If this message is not eventually replaced by the proper
contents of the document, your PDF viewer may not be able
to display this type of document.
```

இதற்குப் பதில் வேறு படிவம் வராவிட்டால், உங்கள் மென்பொருளுக்கு இதைக் காட்டத் தெரியாமல் இருக்கலாம் என்று அது ஒளிக்காமல் சொல்லிவிட்டது. நான்தான் முதல் இரண்டு சொற்களோடு நின்றுவிட்டேன். ஆனால் பெரிய எழுத்தில் காத்திரு என்று சொல்லிவிட்டு, காத்திருந்து பயனில்லை என்பதைப் பொடி எழுத்தில் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நாளை அடோபி ரீடர் போட்டுப் பார்க்கிறேன்.

கடைக்காரன்_தலவாக்கலை
13 ஜூன் 2024, பகல் 12.40

ரீடரைப் போட்டேன். கோப்பையும் பதிவிறக்கினேன். இரண்டு முறை அழுத்தித் திறந்தேன். மறுபடி Please wait. மேசையில் தட்டினேன், பக்கத்துப் பேக்கரித் தம்பி எட்டிப் பார்த்தான்.

கடைக்காரன்_தலவாக்கலை
13 ஜூன் 2024, பகல் 1.10

மேலே எழுதியது என் தவறு. ரீடர் போட்டிருந்தாலும், கோப்பை இரண்டு முறை அழுத்தியபோது திறந்தது எட்ஜ். இந்தக் கணினியில் பிடிஎஃப் எல்லாம் எட்ஜுக்குப் போகும்படி இருந்திருக்கிறது. சன்னலின் மேல் ஓரத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

முதலில் ரீடரைத் திறந்து, அதற்குள்ளிருந்து File, Open என்று போய்க் கோப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கணம் அதே Please wait தாள் மின்னி மறைந்தது, அடுத்த நொடி முழுப் படிவமும் வந்து நின்றது. நீல நிறக் கட்டங்கள், கீழிறங்கும் பட்டியல்கள், எல்லாம். நாற்பது நிமிடம் காத்திருந்த எனக்கு அந்த ஒரு நொடி போதும்.

நிரந்தரமாகச் சரிசெய்ய: கோப்பின் மேல் வலப்பொத்தானை அழுத்தி Open with, Choose another app என்று போய், ரீடரைத் தேர்ந்து, Always use this app என்ற பெட்டியில் சரி போட்டுவிட்டேன்.

ஆய்வுகூடம்_பதுளை
13 ஜூன் 2024, பிற்பகல் 3.20

நல்லது. கடையில் வாடிக்கையாளர்களே கணினியில் உட்காருவதால் இன்னொன்றும் செய்யுங்கள். பிடிஎஃப் இணைப்பை யார் அழுத்தினாலும் உலாவி அதைத் தானே திறந்து காட்டாமல் நேரே பதிவிறக்கும்படி மாற்றலாம். முகவரிப் பட்டையில் இதைத் தட்டுங்கள். முதலாவது குரோமுக்கு, அடுத்தது எட்ஜுக்கு:

```
chrome://settings/content/pdfDocuments
edge://settings/content/pdfDocuments
```

குரோமில் Download PDFs என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபயர்பாக்ஸில் அமைப்புகளுக்குள் Applications என்ற பகுதியில் பிடிஎஃப் வரிக்கு எதிரே Save File என்று வைக்கலாம்.

இதைச் செய்யாமல் ஒரே ஒரு கோப்பு மட்டும் வேண்டுமென்றால், இணைப்பை அழுத்தாமல் அதன் மேல் வலப்பொத்தானை அழுத்தி Save link as என்று சேமித்தால் போதும்.

நோர்வூட்_அக்கா
13 ஜூன் 2024, மாலை 6.30

என் வட்டம் நின்றுவிட்டது. டேட்டா பெக்கேஜ் முடிந்திருந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இப்போது வேறு கேள்வி. தம்பி சொல்லும் அதே மாதிரிப் படிவத்தை என் அண்ணன் மகளுக்காகத் திறக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் கணினி இல்லை. கையடக்கத் தொலைபேசியில் அடோபியின் செயலி இருக்கிறது. அதில் திறந்தாலும் Please wait தான். அடோபி என்றால் திறக்கும் என்றுதானே சொன்னீர்கள்?

ஆய்வுகூடம்_பதுளை
13 ஜூன் 2024, மாலை 7.00

கணினிப் பதிப்பு என்று எழுதியிருந்தேன் அக்கா. பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. தொலைபேசிச் செயலிக்கு இந்த வகைப் படிவத்தைக் கட்டத் தெரியாது, அண்ட்ராய்டானாலும் ஐபோனானாலும். மெக் கணினியில் கூடவே வரும் பார்வையாளருக்கும் தெரியாது. அங்கேயும் ரீடரைத் தனியாகப் போட வேண்டும். தொலைபேசியில் எத்தனை செயலி மாற்றினாலும் நேரம்தான் போகும். யாராவது ஒருவரின் கணினிக்குப் போய்விடுங்கள்.

கடைக்காரன்_தலவாக்கலை
14 ஜூன் 2024, இரவு 9.15

புதிய வில்லங்கம். அந்த அம்மா இன்று மறுபடி வந்தார். மகன் கொழும்பில் பாதி நிரப்பிய படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறானாம், மீதியை இங்கே நிரப்பவேண்டும் என்றார். நான் பெரிய ஆள் மாதிரி ரீடரில் திறந்தேன். Please wait. எட்ஜ் இல்லை, சத்தியமாக ரீடர். ஐந்து நிமிடம் பார்த்தேன். மறையவில்லை.

நேற்று ஒரு நொடியில் திறந்த ரீடர் இன்று ஏன் மறுக்கிறது?

ஆய்வுகூடம்_பதுளை
14 ஜூன் 2024, இரவு 9.45

கோப்பின் அளவு எவ்வளவு? நீங்களே இறக்கிய கோப்பின் அளவையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைக்காரன்_தலவாக்கலை
14 ஜூன் 2024, இரவு 9.58

என்னுடையது சில நூறு கேபி. மகன் அனுப்பியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆய்வுகூடம்_பதுளை
14 ஜூன் 2024, இரவு 10.30

அப்படியானால் மகன் அனுப்பியது படிவமே இல்லை, அதன் படம். உலாவியில் திறந்து, Print என்று போய், Save as PDF என்று சேமித்திருப்பான். அப்படிச் செய்யும்போது கண்ணுக்குத் தெரியும் தாள் மட்டும் புதிய கோப்பாக எழுதப்படுகிறது. உள்ளே மடித்து வைத்த உண்மையான படிவம் தங்காது. அந்தக் கோப்பை எந்த ரீடராலும் உயிர்ப்பிக்க முடியாது, ஏனென்றால் கட்டுவதற்கு உள்ளே ஒன்றுமில்லை.

ஆகவே கணினியில் புதிய ரீடரிலும் Please wait நிலைத்து நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கோப்பை. மறுபடி அந்த இணையத்தளத்துக்கே போய் அசலை எடுங்கள். பிடிஎஃபை வேர்டாக மாற்றித் தரும் இணையத்தளங்களில் ஏற்றினாலும் இதே கதிதான். ஒரு மாணவன் மாற்றிக்கொண்டு வந்தான். Please wait என்பதை வேர்டில் திருத்தக்கூடியதாக இருந்தது, அது ஒன்றுதான் முன்னேற்றம்.

எனக்கு லினக்ஸ் பழக்கம், அதனால் கோப்பைத் திறக்காமலே பார்க்க இதைத் தட்டுவேன்:

```
pdfinfo vinnappam.pdf
```

வரும் விவரங்களில் Form என்ற வரியில் XFA என்று இருந்தால் படிவம் உள்ளே உயிரோடு இருக்கிறது. none என்று இருந்தால் அது வெறும் தாள்.

கடைக்காரன்_தலவாக்கலை
15 ஜூன் 2024, காலை 9.20

மகனிடம் தொலைபேசியில் கேட்டேன். சேர் சொன்னதேதான், உலாவியிலிருந்து Save as PDF. பாதி நிரப்பியது எங்கே என்று கேட்டதற்கு, நிரப்பவே இல்லையாம். திறக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டுப் பாதி நிரப்பியதாகச் சொல்லியிருக்கிறான். இதற்கு pdfinfo விடை சொல்லாது.

மழைக்குருவி
15 ஜூன் 2024, காலை 10.05

இவ்வளவு தொல்லை தரும் முறையை எதற்கு இன்னும் வைத்திருக்கிறார்கள்? நானும் தேடிப் பார்த்தேன். பிடிஎஃபின் 2017ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே இந்த XFA கைவிடத்தக்கது என்று ஒதுக்கிவிட்டார்களாம். செத்த முறையை இன்னும் பயன்படுத்துகிற அலுவலகங்களைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

ஆய்வுகூடம்_பதுளை
15 ஜூன் 2024, பகல் 1.15

இந்தத் தடவை முழுப்பேர். அது உண்மை. ஆனால் அலுவலகத்தின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். இந்தப் படிவம் வெறும் தாள் இல்லை. திருமணமானவர் என்று தேர்ந்தெடுத்தால் துணைவர் பற்றிய கட்டங்கள் திறக்கும். வேலை விவரத்துக்கு இடம் போதாவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தி வரிசை கூட்டலாம், பக்கம் தானாக நீளும். எதையாவது நிரப்பாமல் விட்டால் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். இதையெல்லாம் ஒரே கோப்பில், இணையம் இல்லாமலே செய்யலாம் என்பதால்தான் அரசாங்கங்களும் வங்கிகளும் அந்தக் காலத்தில் இதைப் பிடித்துக்கொண்டன. நூற்றுக்கணக்கான படிவங்களை மாற்றி எழுத யாருக்கும் அவசரம் இல்லை.

இறம்பொடை_லினக்ஸ்
15 ஜூன் 2024, இரவு 11.00

அடோபி ரீடர்தான் ஒரே வழி என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். லினக்ஸுக்கான ரீடரை அடோபி 2013இலேயே கைவிட்டது. நாங்கள் என்ன செய்வது? ஃபயர்பாக்ஸில் திறந்து பாருங்கள். 2021 ஒக்டோபரில் வந்த 93ஆம் பதிப்பிலிருந்து XFA படிவங்களை அது தானே காட்டுகிறது. காட்டாவிட்டால் about:config இல் போய் இதைத் தேடி true என்று வையுங்கள்:

```
pdfjs.enableXfa
```

உலாவிக்குள்ளேயே திறக்கும். செருகுநிரலும் வேண்டாம், ரீடரும் வேண்டாம்.

கடைக்காரன்_தலவாக்கலை
16 ஜூன் 2024, மாலை 5.40

ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டமில்லை, ஃபயர்பாக்ஸில் முயன்றேன். திறக்கிறது, உண்மைதான். பெயர், பிறந்த தேதி எல்லாம் தட்டலாம். ஆனால் வரிசை கூட்டும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பதிலைப் பொறுத்து அடுத்த பட்டியல் மாற வேண்டிய இடத்தில் பட்டியல் வெறுமையாகவே இருந்தது. கடைசியில் Validate என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதுவும் ஊமை. ரீடரில் அதே பொத்தானை அழுத்தினால் விடுபட்ட கட்டங்கள் சிவப்பாகின்றன. எல்லாம் சரியென்றால் கடைசிப் பக்கத்தில் பட்டைக் குறியீடுகள் தோன்றுகின்றன. அந்தப் பட்டைகள் இல்லாமல் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று படிவத்தின் வழிகாட்டியிலேயே இருக்கிறது.

எனவே ஃபயர்பாக்ஸ் படிவத்தைப் பார்ப்பதற்கு. நிரப்புவதற்கு ரீடர்.

இறம்பொடை_லினக்ஸ்
16 ஜூன் 2024, இரவு 8.25

உங்கள் ஒரு படிவத்தை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். போன வருடம் வேறொரு நாட்டின் ஓய்வூதியப் படிவம் ஒன்றை என் மாமாவுக்காக ஃபயர்பாக்ஸிலேயே நிரப்பி, அச்சடித்து, கையெழுத்து வாங்கித் தபாலில் அனுப்பினேன். ஒரு குறையும் சொல்லவில்லை.

ஆய்வுகூடம்_பதுளை
16 ஜூன் 2024, இரவு 9.00

இரண்டு பேர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஃபயர்பாக்ஸ் படிவத்தின் உருவத்தைக் கட்டுகிறது, அதற்குள் எழுதியுள்ள சிறு நிரல்களை ஓட்டுவதில்லை. மாமாவின் படிவத்தில் ஓட வேண்டிய நிரல் இருந்திருக்காது, அல்லது ஓடாவிட்டாலும் தாளில் கையெழுத்துப் போட்டால் போதுமானதாக இருந்திருக்கும். பொத்தானை அழுத்திப் பட்டைக் குறியீடு வரவழைக்க வேண்டிய படிவத்துக்கு அது போதாது.

இறம்பொடை_லினக்ஸ்
18 ஜூன் 2024, இரவு 10.10

சரி, ஒரு பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் அந்தக் குடிவரவுப் படிவத்தை நானும் இறக்கி, இப்படிப் பிரித்தேன்:

```
qpdf --qdf --decrypt padivam.pdf piritthathu.pdf
```

பிரித்ததைப் பார்த்து ரசித்ததோடு விட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே படிவம் வேண்டும் என்றதும், அசலுக்குப் பதில் தவறுதலாக அந்தப் பிரித்த கோப்பைக் கொடுத்துவிட்டேன். அவள் விண்டோஸ் கணினியில் ரீடரில் திறந்தாள். படிவம் தெரிந்தது, ஆனால் use of extended features is no longer available என்று ஓர் அறிவிப்பு வந்து, நிரப்பியதைச் சேமிக்க விடவில்லை. இரண்டு மணி நேர உழைப்பு. நான் இரண்டு நாளாக அந்தப் பக்கம் போகவில்லை.

ஆய்வுகூடம்_பதுளை
19 ஜூன் 2024, காலை 7.10

இலவச ரீடரில் இந்த வகைப் படிவத்தை நிரப்பிச் சேமிக்க, படிவத்தை உருவாக்கியவர் அதற்கென்று ஓர் அனுமதி முத்திரை வைத்திருக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்தை வேறு மென்பொருள் மாற்றி எழுதினாலும் அந்த முத்திரை உடைந்துவிடும். நீங்கள் முழுக் கோப்பையும் பிரித்துப் போட்டீர்கள். திரும்ப ஒட்ட வழியில்லை. அசலை மறுபடி இறக்கித்தான் ஆக வேண்டும்.

இதிலிருந்து கடைக்காரத் தம்பிக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒன்றாக்குவது, சுருக்குவது, பூட்டை உடைப்பது என்று கடையில் வைத்திருக்கும் பிடிஎஃப் கருவிகள் எதையும் இந்தப் படிவங்களின் மேல் ஏவாதீர்கள்.

கடைக்காரன்_தலவாக்கலை
22 ஜூன் 2024, இரவு 10.30

இன்று அந்த அம்மாவின் மகனே வந்துவிட்டான். இரவு ரயிலில் வந்து நேரே கடைக்கு வந்தான், முகம் கழுவியிருந்தானா என்பது சந்தேகம். நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

இணையத்தளத்திலிருந்து புதிதாக இறக்கினோம். ரீடரிலிருந்து திறந்தோம். படிவம் வந்தது, ஆனால் எந்தக் கட்டத்திலும் எழுத முடியவில்லை. உச்சியில் மஞ்சள் பட்டை ஒன்று. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்பதால் பாதுகாப்பாகத் திறந்திருக்கிறதாம். அதில் Enable All Features என்பதை அழுத்திய பிறகுதான் கட்டங்கள் உயிர் பெற்றன. நிரப்புவதற்கு முன்னால் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் போட்டு, சேமித்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தோம். எழுத்து இருந்தது. இறம்பொடைத் தம்பியின் கதையைப் படித்ததால் வந்த எச்சரிக்கை.

பிறகு பெயர்ப் பிரச்சினை. நம்மவர்களுக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் அப்பாவின் பெயர். படிவம் குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்கிறது. முதலெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகலாம் என்றான் மகன். கடவுச்சீட்டை எடுக்கச் சொல்லி, அதில் குடும்பப் பெயர் வரியில் இருந்ததை அப்படியே பார்த்துத் தட்டினோம். அம்மாவுக்குத் தன் கணவரின் பெயர் மகனின் குடும்பப் பெயராக ஆனதில் ஒரு சிரிப்பு.

Validate அழுத்தினோம். மூன்று கட்டங்கள் சிவப்பு. ஒன்று, தொலைபேசி எண்ணின் நாட்டுக் குறியீடு. இரண்டு, முகவரியில் இலக்கம் என்று கேட்ட இடம். லயத்து வீட்டுக்கு ஏது தெரு இலக்கம்? லயம் இலக்கத்தைப் போட்டதும் ஏற்றுக்கொண்டது. மூன்றாவது ஒரு தேதி. திருத்தி மறுபடி அழுத்தியதும் கடைசிப் பக்கத்தில் பட்டைக் குறியீடுகள் வரிசையாக வந்து நின்றன. சேமித்தோம்.

அந்தக் கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன், இணையத்தில் ஏற்ற வேண்டியது அதைத்தான். அம்மா வீட்டில் தொலைபேசியில் பார்க்க ஆசைப்பட்டதால், ரீடரிலிருந்தே Microsoft Print to PDF என்ற அச்சுப்பொறியைத் தேர்ந்து ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். முழுப் படிவமும் திறந்து நிற்கும்போது எடுத்த நகல் என்பதால் அது எந்தத் தொலைபேசியிலும் தெரிகிறது. ஆனால் அது பார்ப்பதற்கு மட்டும். இரண்டும் கலந்துவிடாமல் இருக்க அதன் பெயரில் “அம்மா” என்று சேர்த்தேன்.

மழைக்குருவி
23 ஜூன் 2024, காலை 9.00

அலுவலகம் கடைசியில் எந்தக் கோப்பை வாங்கியது, அசலையா அம்மாவையா?

கடைக்காரன்_தலவாக்கலை
27 ஜூன் 2024, மாலை 6.15

அசலை. ஏற்றிவிட்டார்கள், பெற்றுக்கொண்டதாக மின்னஞ்சலும் வந்துவிட்டது. விசாவின் கதை இனிமேல்தான்.

நோர்வூட் அக்கா நேற்று அண்ணன் மகளோடு பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டார். அவர்களுடைய படிவமும் திறந்தது, ஆனால் அதில் Validate என்ற பொத்தானே இல்லை, கையெழுத்துப் போட்டு அனுப்பும் வகை. இறம்பொடைத் தம்பி, அதை ஃபயர்பாக்ஸிலேயே முடித்திருக்கலாமோ என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. அக்காவிடம் சொல்லவில்லை.

முதல் நாள் அச்சடித்த இரண்டு Please wait தாள்களில் ஒன்றைக் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டி, “இது வந்தால் காத்திருக்க வேண்டாம், என்னைக் கூப்பிடவும்” என்று சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறேன். மற்றதன் பின்பக்கத்தில் கடன் கணக்கு எழுதுகிறேன். கடன்காரர்கள் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பதில் இங்கேயே இருக்கிறதே என்கிறார்கள்.